மல்லாந்து படுத்த நாற்பது நிமிடம்

கிரேன்காரரின் மனைவி அந்தத் தாளை மேஜைமேல் வைக்கவில்லை, எறிந்தாள். அது கீபோர்டின்மேல் சறுக்கி வந்து, எதிரே உட்கார்ந்திருந்தவளின் மடியில் விழுந்தது.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"நல்லா இருப்பீங்க. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல இதை ஒட்டி வெச்சிருக்கார். பால் எடுக்கப் போனாலும் இதைப் படிக்கணும், தண்ணி எடுக்கப் போனாலும் இதைப் படிக்கணும்."

தாளின் மேல்விளிம்பில் காந்தம் அழுத்திய வட்டம் இருந்தது. அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், முதல் வரி: உங்களுக்கு இருப்பது லேசான தூக்க மூச்சுத்தடை.

டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்தத் தூக்க ஆய்வு கிளினிக். குறட்டை விடுபவர்களும் பகலில் தூங்கி விழுபவர்களும் ஓர் இரவு அங்கே வந்து படுப்பார்கள். தலையில், மார்பில், காலில், விரல்நுனியில் கம்பி ஒட்டி, மூச்சையும் ஆக்சிஜனையும் உறக்கத்தின் ஆழத்தையும் விடியும்வரை பதிவு செய்வார்கள். அதிலிருந்து வரும் ரிப்போர்ட் டாக்டருக்கானது. பத்துப் பன்னிரண்டு பக்கம், முழுக்கக் கோடும் எண்ணும். அதைப் படித்து, நோயாளிக்குப் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுப்பதுதான் இவள் வேலை. எழுதியதை டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இவளும் கம்பி ஒட்டக் கற்று, இரவுப் பணி பார்த்து மேலே வந்தவள்தான். கிளினிக்கில் எல்லோரும் 'சுருக்கம்' என்றே கூப்பிட்டார்கள். எழுத்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும், பேச்சுக்கு இல்லை என்பது வரவேற்பில் இருப்பவளின் கட்சி.

ஆனால் அன்று சுருக்கம் சுருக்கமாகவே பேசவேண்டியிருந்தது. நோயாளி உடன் இல்லாமல் அவருடைய ரிப்போர்ட்டைப் பற்றி வீட்டாரிடம் பேசக்கூடாது என்பது விதி. அதைச் சொன்னதும் மனைவிக்கு எரிகிற தீயில் எண்ணெய் விட்டதுபோல் ஆயிற்று. அவர் உடம்பைப் பற்றி உலகத்துக்கே தெரியலாம், பக்கத்தில் படுத்தவளுக்கு மட்டும் தெரியக்கூடாதா என்று கேட்டாள். வாசலில் காத்திருந்த இரண்டு நோயாளிகள் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"சொல்லத்தான் கூடாது. நீங்க சொன்னா கேக்கலாம். உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டினாள். இரண்டு வருஷமாக அவளுக்கு உறக்கம் இல்லை. குறட்டையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், அது நின்றுபோகிற நேரத்தைத்தான் சகிக்க முடியாது. மூச்சு வருமா வருமா என்று பார்த்துக்கொண்டே கிடப்பாள். தோளைப் பிடித்து உலுக்கினால் அவர் எழுந்து கத்துவார். கடைசியில் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவருடைய அக்கா அதற்கு வேறு கதை கட்டிவிட்டாள்: புருஷனோடு படுக்கப் பிடிக்காதவள் குறட்டையின்மேல் பழி போடுகிறாளாம்.

பிறகுதான் அவர் வேலை பார்க்கும் இரும்பு யார்டில் அது நடந்தது. இரும்புக்கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்க, மேலே கிரேன் கூண்டுக்குள் இவர் லீவரில் கைவைத்தபடி கண் அயர்ந்துவிட்டார். கீழே சைகை காட்டுபவன் விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். யாருக்கும் அடி இல்லை. மேற்பார்வையாளர் அவரைக் கூண்டிலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்காரவைத்து, தூக்கத்தைப் பரிசோதித்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். வீட்டில் குறட்டை என்ற சேதி மேற்பார்வையாளருக்கு எப்படிப் போயிற்று என்று கணவருக்குச் சந்தேகம்.

"நான்தான் சொன்னேன். மேற்பார்வையாளர் சம்சாரம் காய்கறிக் கடைக்கு வருவாங்க, அவங்க கிட்ட சொன்னேன். தப்பா? திங்கக்கிழமை இந்தத் தாளைக் காட்டிட்டு மறுபடியும் மேல ஏறப் போறார். லேசுன்னு நீங்க எழுதிட்டீங்களே, இனி என் பேச்சு எடுபடுமா?"

சுருக்கம் தாளைத் திருப்பி, ஆறாவது வரியில் விரலை வைத்தாள். அது ஏற்கெனவே அந்த வீட்டில் இருக்கும் தாள்தான், காட்டுவதில் விதி மீறல் இல்லை. மல்லாந்து படுக்கும்போது மூச்சுத்தடை கூடுதலாகக் காணப்பட்டது என்று அங்கே இருந்தது. சின்ன எழுத்தில்.

மனைவி அதைப் படித்தாள். படித்துவிட்டுத் தாளைப் பார்க்காமல் அவளைப் பார்த்தாள்.

"அவர் மல்லாந்துதான் படுப்பார். கல்யாணமான நாள்லேருந்து ஒருக்களிச்சுப் படுத்து நான் பாத்ததில்லை. ஏம்மா, வீடு பத்தி எரியுதுங்கறதை ஆறாவது வரியிலயா சொல்லுவீங்க?"

தாளை மேஜைமேலேயே விட்டுவிட்டு அவள் போனபிறகு சுருக்கம் பழைய ரிப்போர்ட்டைத் திறந்தாள். தற்காப்புக்காகத்தான் திறந்தாள். எண் தவறில்லை என்று நிச்சயமாகத் தெரியும். பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அல்லது வெகுவாகக் குறைந்தால் அது ஒரு தடை. தூங்கிய மொத்த நேரத்துக்கும் சேர்த்து, மணிக்கு எத்தனை தடை என்று பார்ப்பார்கள். ஐந்திலிருந்து பதினைந்துக்குள் லேசு, பதினைந்துக்கு மேல் நடுத்தரம், முப்பதைத் தொட்டால் கடுமை. கிரேன்காரருக்குப் பன்னிரண்டு. லேசு.

ஆனால் அந்தப் பன்னிரண்டு எப்படி வந்தது? அவர் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தூங்கியிருந்தார். அதில் ஐந்து மணிக்கும் மேலே பக்கவாட்டில். அப்போது தடை மணிக்கு ஏழுதான். மல்லாந்து படுத்தது நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் மணிக்கு ஐம்பத்துநான்கு என்ற கணக்கில் மூச்சு தடைபட்டிருந்தது. தொண்ணூற்றைந்தில் இருந்த ஆக்சிஜன் எழுபத்துநான்குவரை இறங்கியதும் அப்போதுதான். நல்ல நேரத்தோடு கெட்ட நேரத்தைக் கலந்து கூட்டி வகுத்தால் லேசு என்று வராமல் என்ன செய்யும்? ஒரு கை ஐஸில், ஒரு கை கொதிநீரில், சராசரியில் சுகம்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் ஆறாவது வரியை எழுதினாள். முதல் வரிக்குப் பிறகு யாரும் படிக்கமாட்டார்கள் என்பதை மட்டும் மறந்திருந்தாள்.

வீடியோவையும் ஓட்டினாள். கிரேன்காரர் படுப்பதற்குமுன் தன் பயணப்பையை முதுகோடு ஒட்டி அணை கட்டினார். இரவுப் பணியாளர் குறிப்பில், நோயாளி வசதிக்காக முதுகுக்குப் பை வைத்துக்கொண்டார் என்று இருந்தது. முதுகுவலிபோல என்று நினைத்து விட்டிருக்கவேண்டும். இரண்டு தடவை பை கட்டிலிலிருந்து கீழே விழுந்தது. இரண்டு தடவையும் அவர் அப்படியே மல்லாந்தார்.

டாக்டரிடம் சொன்னபோது அந்த அம்மாள் ரிப்போர்ட்டை வாங்கி, தான் எழுதிய கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். படுக்கும் நிலையைப் பொறுத்தது, மல்லாந்த நிலையில் கடுமை என்று அவரும் எழுதித்தான் வைத்திருந்தார். பிறகு சுருக்கத்தின் தாளைப் பார்த்தார். அடியில் அவருடைய கையெழுத்து.

"இதைப் படிக்காமலா போட்டேன்? படிச்சேன். நான் ஆறு வரியும் படிக்கற ஆளு, அதனால எனக்கு உறைக்கல. சரி, 'லேசு'க்கு மட்டும் எதுக்கு இவ்வளவு பெரிய எழுத்து?"

"நீங்கதான் மேடம், போன வருஷம், நீளமா இருக்கு, ஒரே வார்த்தைல முதல்ல சொல்லுன்னீங்க."

"நான் சொன்னா? கெணத்துல குதின்னு சொன்னா குதிப்பியா?"

"எண் சரியாத்தான் மேடம் இருக்கு."

"எண் சரி. வாக்கியம் தப்பு. அந்த ஆள் தூங்கி விழுந்தது சோபாவுல இல்ல, கூண்டுல. சனிக்கிழமை வரச் சொல்லு. வேற தாள் எழுது."

சனிக்கிழமைவரை இரண்டு நாளும் டாக்டரும் சுருக்கமும் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

சுருக்கம் எழுதினாள், கிழித்தாள், எழுதினாள். 'கடுமை' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடக் கை துடித்தது. அதுவும் பொய்யாகத்தான் இருக்கும். முடித்ததை வரவேற்பில் இருப்பவளிடம் கொடுத்து, படித்துவிட்டுத் தாளை மூடிவைத்து உன் வாயால் திருப்பிச் சொல் என்றாள். அவள் சொன்னாள்: "இந்த ஆள் மல்லாந்து படுத்தா மூச்சு நிக்குது. மெஷின் வெக்கணும். அதுவரைக்கும் ஆபத்தான வேலை செய்யக்கூடாது. எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு எழுதிக் குடேன்." அதன்பிறகே டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் ஒவ்வொரு வரியிலும் பேனாவை வைத்து நகர்த்திப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மனைவி சுவரோரம் உட்கார்ந்தாள். அக்கா டாக்டருக்கு நேரெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கிரேன்காரர் உட்காரவில்லை. கதவருகே, இப்போதே போகப்போகிறவர்போல நின்றார். கழுத்து தடித்த, அகன்ற மனிதர். கண்ணுக்குக் கீழே கருவளையம். இரண்டு பேரும் இருக்கும்போது பேசலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, ஊருக்கே தெரிந்த பிறகு இவர்களுக்கு மட்டும் என்ன ரகசியம் என்றார்.

சுருக்கம் தாளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அதனால் அவளே படித்தாள்.

"நீங்கள் மல்லாந்து படுக்கும்போது உங்கள் மூச்சுத்தடை கடுமையாக இருக்கிறது. ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. பக்கவாட்டில் படுக்கும்போது லேசாக இருக்கிறது. ஆய்வு இரவில் நீங்கள் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே படுத்திருந்தீர்கள். அதனால் முழு இரவின் சராசரி உங்கள் வீட்டு இரவைக் காட்டாமல் இருக்கலாம். தூக்கத்தில் உங்கள் ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. உங்களுக்கு அது பல முறை இறங்கியது, ஒரு முறை எழுபத்துநான்குவரை போனது."

அவர் சிரித்தார். கேட்க நன்றாயில்லாத சிரிப்பு.

"போன வாரம் லேசு. நடுவுல இவ வந்து உங்க கிட்ட அழுதா. இந்த வாரம் கடுமை. நல்லா இருக்கு கதை."

"அழல. சண்டை போட்டேன்" என்றாள் மனைவி.

"பாத்தீங்களா டாக்டர்" என்று அக்கா ஆரம்பித்தாள். தம்பி சோற்றுக்கு லாட்டரி அடிக்கவேண்டும் என்பதே இவள் எண்ணம். யார்டில் போட்டுக்கொடுத்தவளுக்குக் கிளினிக்கில் தாளை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும். முதலில் எழுதிய கையும் இதே கைதானே, அப்போது தெரியாதது இப்போது எப்படித் தெரிந்தது? கேள்வி சுருக்கத்தை நோக்கி வந்தது.

"அப்பவும் தெரியும். கடைசியில எழுதியிருந்தேன். முதல்ல எழுதியிருக்கணும். என் தப்பு."

"கையெழுத்து போட்ட என் தப்பும்தான்" என்றார் டாக்டர். "எண் ஒண்ணுகூட மாறல. ரெண்டு தாளையும் பக்கத்துல வெச்சுப் பாத்துக்கலாம். ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அன்னிக்கு முதுகுக்குப் பையை எதுக்கு வெச்சீங்க?"

 கிரேன்காரரின் கண்கள் அக்காவிடம் போய்விட்டு வந்தன. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான்தான் சொன்னேன். ஒருக்களிச்சுப் படுத்தா குறட்டை வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். பரிட்சைக்குப் போறவன் படிச்சுட்டுப் போகமாட்டானா? பாஸாகணுமே டாக்டர், பொழப்பாச்சே. பையை வெச்சுக்கடா, புரளாம இருன்னேன்."

 கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் ஓடி நின்றது.

"பரிட்சை இல்லைங்க இது" என்றார் டாக்டர். "நீங்க வீட்ல எப்படித் தூங்கறீங்களோ, அதைப் பாக்கத்தான் கூப்பிட்டது."

மனைவி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்ததே அவள் செய்த பெரிய காரியம். ஆனால் அதுவும் நீடிக்கவில்லை. "பரிட்சை எழுதினது அவர், காப்பி அடிக்கச் சொன்னது அண்ணி. ஃபெயிலானது மட்டும் நான்" என்றாள்.

"வாயை மூடு" என்றார் கணவர்.

அவர் சம்மதித்தபிறகு டாக்டர் கணினித் திரையைத் திருப்பினார். பை விழுகிற இடத்திலிருந்து ஓட்டினார். திரையின் பாதியில் படுக்கை. மறுபாதியில் மூச்சின் கோடும் ஆக்சிஜன் எண்ணும். கிரேன்காரர் மல்லாந்தார். குறட்டை அறையை நிறைத்தது. பிறகு நின்றது. மார்பும் வயிறும் மாறி மாறி எக்கின. மூச்சின் கோடு தட்டையாகக் கிடந்தது. காற்று உள்ளே போகவில்லை. தொண்டை அடைத்திருக்கிறது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். எண் உடனே இறங்கவில்லை. சற்றுத் தாமதித்து, தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்று.

"எழுப்புங்களேன்" என்றாள் அக்கா. திரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மனைவி திரையைப் பார்க்கவே இல்லை. சத்தம் மட்டுமே அவளுக்குப் போதும். மடியில் வைத்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. இரண்டு கை விரலும் மடங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கின. திரையிலிருந்தவர் குபீரென்று மூச்சை இழுத்துத் தோளைச் சிலுப்பினார். அவள் கை நின்றது. அரை நிமிடத்தில் மறுபடி குறட்டை, மறுபடி மௌனம், மறுபடி விரல்கள்.

அதைக் கிரேன்காரர் பார்த்தார். திரையை அல்ல, அந்த விரல்களை.

"போதும். நிறுத்துங்க" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் குறையவில்லை, அது போக இடம் தெரியாமல் நின்றது.

அக்காதான் முதலில் தேறினாள். ஒருக்களித்துப் படுத்தால் லேசுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அப்படியானால் தான் சொன்னது வைத்தியம்தானே என்று வாதாடினாள். டாக்டர் அதை மறுக்கவில்லை. மல்லாந்து படுக்காமல் பார்த்துக்கொள்வதும் ஒரு சிகிச்சைதான், சிலருக்கு அதுவே போதும். ஆனால் பை ஒரே இரவில் இரண்டு முறை விழுந்தது; கூண்டில் ஏறுகிறவர் பையை நம்பி ஏற முடியாது.

மீதித் தாளைச் சுருக்கம் படித்தாள். உங்களுக்கு முதலில் நாங்கள் சொல்வது சிபாப் மெஷின்: முகமூடி வழியே காற்றை மெல்ல அழுத்தி, தொண்டை மூடாமல் திறந்து வைக்கும், எந்த நிலையில் படுத்தாலும் வேலை செய்யும், ஆனால் தூங்குகிற நேரமெல்லாம் போட்டால்தான் பலன். அது ஒத்துக்கொள்ளாவிட்டால், கீழ்த்தாடையை முன்னால் தள்ளிவைக்கும் பல் கருவி உண்டு. உங்கள் அளவுக்கு அது போதுமா என்று மறுபடி ஆய்வு செய்து பார்க்கவேண்டும். எடை குறைப்பதும் இரவில் மது தவிர்ப்பதும் எல்லாவற்றோடும் சேர்ந்து உதவும், ஆனால் அவற்றை மட்டும் நம்பிக் காத்திருக்கவேண்டாம். மூக்கடைப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்ப்பார். சிகிச்சை பலன் தருகிறது என்று உறுதியாகும்வரை கிரேன் இயக்கவேண்டாம். தூக்கம் வந்தால் வண்டியும் ஓட்டவேண்டாம்.

"எத்தனை நாள்?" என்றார் அவர்.

"மெஷின்ல பதிவாகும், எத்தனை மணி நேரம் போட்டீங்க, எத்தனை தடை மிச்சம்னு. சில வாரம் பாத்துட்டு நான் எழுதித் தரேன். ஏறலாமா கூடாதாங்கறதை உங்க யார்டு டாக்டர் முடிவு செய்வார். நிறைய பேர் ஏறியிருக்காங்க."

"மூஞ்சில குழாயை மாட்டிக்கிட்டு யானை மாதிரி படுக்கணும்."

"இப்ப மட்டும் என்ன, யானை மாதிரிதான் பிளிறறீங்க" என்றாள் மனைவி.

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பு, எரிச்சல் எந்த வகையிலும் அது சேராது.

"மேற்பார்வையாளர் வீட்ல போய்ச் சொன்னதை நான் மறக்கமாட்டேன்" என்றார் அவளிடம்.

"மறக்காதீங்க. மறக்கறதுக்கு உயிரோட இருக்கணும்ல."

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தம்பியைத் தொட வந்த கை பாதியில் நின்றது. "திங்கக்கிழமை நீ மேல ஏறினேன்னு தெரிஞ்சுது, யார்டு வாசல்ல வந்து நின்னு கத்துவேன், சொல்லிட்டேன்" என்றாள். தம்பி மனைவியை ஏறிட்டும் பார்க்காமல் வெளியே போனாள். அவளுக்கு இவள் இன்னமும் போட்டுக்கொடுத்தவள்தான்.

கிரேன்காரர் சுருக்கத்தின் கையிலிருந்து தாளை வாங்கினார். பழைய தாளையும் கேட்டார். சுருக்கம் தயங்கி, எடுத்துக் கொடுத்தாள். அதை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, மேஜைக்கடியில் இருந்த கூடையில் போட்டார். அவளை முறைத்தார்.

"இனிமே யாருக்காவது எழுதறப்ப, கொட்டை எழுத்துல போடறதுக்கு முன்னாடி யோசி."

அவள் தலையாட்டினாள். முகம் சுட்டது. 

வராந்தாவில் அவர் ஃபோனை எடுப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. எதிர்முனை மேற்பார்வையாளர்போலிருந்தது. மனைவி நாலடி தள்ளி, சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் தாளைப் பார்க்காமல் பேசினார்.

"திங்கக்கிழமை மேல ஏறலைங்க... இல்ல, லேசு இல்ல. அது ஒருக்களிச்சுப் படுத்தப்ப. நான் மல்லாந்துதானே படுப்பேன்... ஆமா, மூச்சு நின்னுடுது. மெஷின் வெக்கறாங்க... யாரு சொன்னதுன்னா கேக்கறீங்க? நான்தான் சொல்றேன்."

ஃபோனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மனைவியைத் திரும்பிப் பாராமல் படியில் இறங்கத் தொடங்கினார். இரண்டு படி போய் நின்றார்.

"சாவியைக் கொடுக்கறேன். வண்டியை நீ ஓட்டு."

"பின்னாடி உக்காந்து தூங்கி விழாம வருவீங்களா?"

"வாயாடாம வா."

அவள் சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள்.